நான்கு நிமிடப் படம்

எனக்கு முதல் வேலை வாங்கிக் கொடுத்த ஈமெயில் இன்னும் என்னிடம் இருக்கிறது. புள்ளி புள்ளியாக அச்சடிக்கும் பழைய பிரிண்டரில் எடுத்த ஒரு தாள். ஓரத்தில் மஞ்சள்தூள் கறை. அந்த மெயில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது என்று சொல்வது பாதி உண்மை. ஒரு பெண்ணின் வேலையைப் பிடுங்கி என் கையில் கொடுத்தது என்பதே முழு உண்மை. அவளுடைய வேலையை நம்பி ஒரு குடும்பத்தின் வீட்டு மனு இருந்தது. அது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அந்த நாளில் நான் இருந்த நிலையில், அதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

தொண்ணூற்று எட்டில் தொழிற்சாலைகள் வரிசையாக ஆளைக் குறைத்தபோது நானும் வெளியே வந்தேன். மலாக்காவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னிஷியன் வேலை. தங்கா பத்துவில் அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டேன். கூடத்து மூலையில் என் பழைய கம்ப்யூட்டர், பக்கத்திலேயே டெலிபோன். நான் இண்டர்நெட்டில் இருந்தால் அண்ணி யாருக்கும் போன் பண்ண முடியாது. அண்ணி ஒன்றும் சொல்ல மாட்டார். சமையலறையில் பாத்திரம் வைக்கும் சத்தம் மட்டும் கொஞ்சம் கூடும். புத்தகத்தைப் பார்த்தும், மற்றவர்களின் பக்கங்களைப் பிரித்துப் பார்த்தும் வெப்சைட் செய்யக் கற்றுக்கொண்டேன். இனி யாரிடமும் கைகட்டி நிற்கப் போவதில்லை, சொந்தமாகத் தொழில் செய்யப் போகிறேன் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்தேன். வாய் மட்டும் நன்றாக இருந்தது, வாடிக்கையாளர்தான் ஒருவரும் இல்லை.

முன்பின் தெரியாத கம்பெனிகளுக்கு மெயில் எழுத ஆரம்பித்தேன். முதலில் எல்லாருக்கும் ஒரே கடிதம்: நான் இன்னார், அழகான பக்கங்கள் செய்து தருவேன், தொடர்பு கொள்ளுங்கள். ஒரு பதிலும் வரவில்லை. வராதது நியாயம்தான். என்னைப் பற்றித் தெரிந்துகொள்ள யார் தவம் கிடந்தார்கள்? பிறகு புத்தி வந்து, ஒவ்வொரு கம்பெனியின் பக்கத்தையும் திறந்து பார்த்து, அங்கே இருக்கும் ஒரு குறையை மட்டும் சொல்லி, நான்கைந்து வரியில் எழுதத் தொடங்கினேன்.

இணையத்தில் இருந்த மலாக்கா வியாபாரப் பட்டியல் ஒன்றில்தான் அந்த மசாலாத்தூள் கம்பெனியைக் கண்டேன். அலோர் காஜாவில் ஒரு சின்ன மில். தமிழ் முதலாளி. ஒரு மத்தியான வேளையில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். மேலே கம்பெனி பெயர் வந்தது, இடப்பக்கம் நான்கு இணைப்புகள் வந்தன, அப்புறம் நடுவில் ஒரு படம் வரத் தொடங்கியது. அந்தக் காலத்துப் படங்கள் மேலிருந்து கீழாக, கோடு கோடாக இறங்கும். ஒரு செதுக்கு வேலைச் சட்டத்தின் மேல் விளிம்பு தெரிந்தது. பிறகு மாலையோ தோரணமோ, ஏதோ ஒன்று. பிறகு கொஞ்சம் நரைமுடி. சன்னலின் அடியில் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது: படத்தின் எடை அறுநூற்று எண்பது கிலோபைட், வேகம் வினாடிக்கு மூன்று கிலோபைட்கூட இல்லை, இன்னும் மூன்று நிமிடத்துக்கு மேல் பாக்கி.

நிறுத்து பொத்தானை அழுத்தினேன். எனக்குத் தேவையானது கிடைத்துவிட்டது.

மெயிலை ஆங்கிலத்தில் எழுதினேன். தலைப்பே பளிச்சென்று வைத்தேன்: உங்கள் முதல் பக்கம் திறக்க நான்கு நிமிடம் ஆகிறது. உள்ளே இப்படி: “வெளிநாட்டில் உங்கள் பொருளைத் தேடுகிறவர் யாரும் அவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டார். காரணம் ஒன்றே ஒன்று, நடுவில் இருக்கும் பெரிய படம். அதைச் செய்தவருக்கு அடிப்படை தெரியவில்லை. அந்தப் படம் தேவையற்றது, எடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. முதல் பக்கத்தை நானே இலவசமாகச் சரிசெய்து காட்டுகிறேன், பிடித்திருந்தால் பேசலாம்.” கீழே என் பெயரும் அண்ணன் வீட்டு நம்பரும். பட்டியலில் இருந்த கம்பெனி முகவரிக்கு அனுப்பினேன். அதைச் செய்தவருக்கு அடிப்படை தெரியவில்லை என்ற வரியை இரண்டு முறை படித்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று நானே மெச்சிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

மூன்றாம் நாள் போன் வந்தது.

“தம்பி, நீங்கதான் ஈமெயிலு போட்டதா?” கனமான குரல். “திங்கக்கிழம காலையில மில்லுக்கு வாங்க. நேர்ல பேசுவோம்.”

அண்ணி எனக்குத் திருநீறு பூசிவிட்டார். டெலிபோன் இனி விடுதலையாகும் என்ற சந்தோஷமாகவும் இருக்கலாம். திங்கட்கிழமைக்கு முன்னால் கிடைத்த இரண்டு நாளில், அந்தக் கம்பெனியின் மற்ற பக்கங்களிலிருந்து எழுத்துகளை எடுத்துப் புதிதாக ஒரு முதல் பக்கம் செய்தேன். நடுவில் படம் இல்லை, மிளகாய்த்தூள், மல்லித்தூள், மீன் மசாலா என்று சுத்தமாக மூன்று வரி. அதை ஒரு ஃபிளாப்பியில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மில்லை நெருங்கும்போதே தும்மல் வந்தது. முன்பக்கம் சின்ன ஆபிஸ். ஒரு பெரிய மேசை, முதலாளிக்கு. ஒரு சின்ன மேசை, அதில் கம்ப்யூட்டர், அதன் முன்னால் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும் ஒரு பெண். கடிதம், டெலிபோன், பில் எல்லாம் பார்க்கிற கிராணி. எழுந்து, “உக்காருங்கண்ணே” என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

சுவரில் செதுக்கு வேலைச் சட்டம் போட்ட ஒரு பெரிய படம். சந்தனமாலை. கீழே சிவப்பு பல்ப் எரியும் மின்விளக்கு. மேல் விளிம்பையும், மாலையையும், நரைமுடியையும் எனக்கு முன்பே தெரியும். முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். நெற்றியில் குங்குமம் வைத்த பெரியவர் ஒருவர்.

“எங்கப்பா,” என்றார் பின்னாலிருந்து முதலாளி. “ரப்பர் தோட்டத்துல பால் வெட்டிக்கிட்டே, அம்மி கொத்த ஆரம்பிச்சி, அப்புறம் மொளகா இடிச்சி இந்த மில்ல உண்டாக்குனவரு. நீங்க தேவையில்லன்னு எழுதுனீங்களே, அந்தப் படம்.”

சட்டைப்பையில் இருந்த ஃபிளாப்பி திடீரென்று கனத்தது. மன்னிப்பு கேட்க வாயைத் திறந்தேன். அவர் கையமர்த்தினார். கோபமில்லை என்றார். “ஒங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க வெளியாளு. விஷயத்த சொன்னீங்க. ஒரு வருஷமா ஆஸ்திரேலியாவுலேர்ந்து ஒரு ஆர்டர் வரலியே ஏன்னு நான் மண்டைய ஒடச்சிக்கிட்டு இருந்தேன். இந்தப் பொண்ணுதான் செஞ்சிச்சி. ராத்திரி கிளாசுல படிச்சேன், செய்றேன்னு சொல்லிச்சி. நம்பி விட்டேன்.”

அவர் மேசையில் என் மெயிலின் தாள் கிடந்தது. அந்த ஆபிசின் வழக்கம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. முதலாளிக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. வருகிற ஒவ்வொரு மெயிலையும் கிராணி அச்செடுத்து, காலையில் அப்பா படத்துக்கு ஊதுவத்தி காட்டி முடிந்ததும், அதன் முன்னாலேயே நின்று தமிழில் படித்துச் சொல்ல வேண்டும். நல்ல செய்தியானாலும் கெட்ட செய்தியானாலும் பெரியவர் காதில் முதலில் விழ வேண்டுமாம். ஆக, அதைச் செய்தவருக்கு அடிப்படை தெரியவில்லை என்ற வரியை, செய்தவளே நின்று, தமிழாக்கி, வாய்விட்டு வாசித்திருக்கிறாள். நினைத்திருந்தால் அழித்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

“சரி தம்பி,” என்றார் முதலாளி. “அப்பா படத்த எடுக்கக் கூடாது. எடுக்காமலே வேகமாக்க முடியுமா?”

“முடியுங்க.”

“அப்பா சின்னதாயிடக் கூடாது.”

நான் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் ஓரமாக நின்றாள். பக்கத்தின் உள்ளே பார்த்தேன். ஸ்கேன் செய்த முழுப் படத்தையும் அப்படியே வைத்துவிட்டு, திரையில் மட்டும் சிறியதாகக் காட்டும்படி அகலத்தைக் குறைத்து எழுதியிருந்தாள். அப்படிச் செய்தால் கண்ணுக்குத்தான் சின்னப் படம், கம்பியில் வருவது முழுப் படத்தின் கனம். கற்றுக்குட்டிகள் செய்யும் தவறு. அப்படித்தான் நினைத்தேன். மூலப் படத்தை வேறு பெயரில் பத்திரப்படுத்தி, திரையில் தெரியும் அதே அளவுக்கு ஒரு பிரதி எடுத்துச் சுருக்கிச் சேமித்தேன். அறுநூற்று எண்பது, முப்பத்தாறு ஆனது. மோடத்தை அலறவிட்டு, மேலே ஏற்றி, பக்கத்தை மறுபடி திறந்தேன். பதினைந்து வினாடிக்குள் பெரியவர் முழுதாக வந்து நின்றார், சட்டம், மாலை, குங்குமம் எல்லாவற்றோடும்.

முதலாளி அரைப்பவர்களை எல்லாம் உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். முகத்தில் மிளகாய்த்தூள் படாமல் இருக்கத் துணி கட்டிய நான்கைந்து பேர் வந்து திரையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். பிறகு அவர் கிராணி பக்கம் திரும்பினார்.

“அதே சைசுதான் தெரியிது. இத நீ ஏன் செய்யல?”

“சொன்னேன் பாஸ்,” என்றாள் அவள்.

“எப்ப சொன்ன?”

கேட்டாரே தவிர, பதிலுக்காக நிற்கவில்லை. அவள் குனிந்துகொண்டாள். அவர் என்னிடம், “அடுத்த மாசத்துலேர்ந்து நீங்களே வந்து உக்காந்துருங்க தம்பி. பில்லு, லெட்டரு எல்லாம் சேத்துப் பாத்துக்கலாம். ரெண்டு ஆளு எதுக்கு?” என்றார். அவள் நிற்கும்போதே சொன்னார்.

நான் ஒன்றும் சொல்லாமல் இல்லை. “அந்தத் தங்கச்சி நல்லாத்தான் செஞ்சிருக்கு பாஸ், இந்த ஒரு படம் மட்டுந்தான்” என்றேன். “ஒங்களுக்கு நல்ல மனசு தம்பி,” என்று முதுகில் தட்டினார். அதோடு முடிந்தது. அவளை நிறுத்தினால் நான் வர மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த வாக்கியம் தொண்டை வரை வந்தது. கூடவே சமையலறைப் பாத்திரச் சத்தமும் நினைவுக்கு வந்தது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பஸ் நிலையத்தில் அவளும் வந்து நின்றாள். பேசாமல் போய்விடுவாள் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அண்ணே, அந்தப் படத்த நீங்க முழுசா பாத்துட்டா எழுதுனீங்க?”

“இல்லம்மா. நிறுத்திட்டேன்.”

“கீழ இழுத்தும் பாக்கல?”

“இல்ல.”

“கீழதான் என் பேரும் என் சொந்த ஈமெயிலும் போட்டிருந்தேன். பக்கத்துல ஏதாச்சும் கோளாறுன்னா இவங்களுக்கு எழுதுங்கன்னு. நீங்க எனக்கு எழுதியிருக்கலாந்தானே. நானே கொண்டுபோயி காட்டியிருப்பேன், பாருங்க பாஸ், வெளியாளும் இதத்தான் சொல்றாங்கன்னு.”

படம் கனம் என்று அவளுக்கு முதல் நாளே தெரியும். சுருக்கிவிடலாம் என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறாள். எங்கப்பாவச் சின்னதாக்குறதா, அவர்ல ஒரு துளிகூடக் கொறையக் கூடாது என்று முதலாளி சத்தம் போட்டிருக்கிறார். அதனால்தான் முழுப் படத்தையும் உள்ளே வைத்து, வெளியே சிறியதாகக் காட்டியிருக்கிறாள். பெரியவர் உள்ளே முழுசா இருக்காரு பாஸ் என்று சொல்லித்தான் அந்தப் பக்கத்துக்கே சம்மதம் வாங்கினாளாம். நான் கற்றுக்குட்டித் தவறு என்று நினைத்தது, அவள் யோசித்துச் செய்த ஏற்பாடு. இன்று நான் சுருக்கியபோது மட்டும் முதலாளி ஏன் சத்தம் போடவில்லை? நான் வெளியாள், ஆம்பிளை, சட்டைப்பையில் ஃபிளாப்பி வைத்திருந்தேன். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

“அப்புறம் ஏம்மா அந்த மெயில அவர்கிட்ட படிச்ச? அழிச்சிருக்கலாமே.”

“வந்தத மறைச்சா அது திருட்டுதானேண்ணே,” என்றாள். பிறகுதான் வீட்டு விஷயத்தைச் சொன்னாள். அவர்கள் இருந்த தோட்டத்தை விற்றாகிவிட்டது. குடியிருந்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்துவிட்டது. மலிவு விலை வீட்டுக்கு மனு போட்டிருக்கிறார்கள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தோட்டத்தோடு வேலை போகிறது, அதனால் மனு அவள் பெயரில். வேலை செய்யும் இடத்துக்குக் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் பெயரைப் பட்டியலில் சேர்ப்பார்களாம். “அடுத்த மாசம் கேப்பாங்கன்னு சொன்னாங்க. சூசாலா அண்ணே, கஷ்டந்தான்,” என்றாள், ஏதோ மழை வரப்போகிறது என்பதைப்போல. என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீங்க என்ன பண்ணுவீங்க, ஒங்களுக்கும் வேல வேணும்” என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்று மாலையே முதலாளிக்குப் போன் செய்தேன். அவளை வைத்துக்கொள்ளுங்கள், நான் வாரம் ஒரு நாள் வெளியிலிருந்து வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றேன். “சொன்னா சொன்னதுதான் தம்பி. வரலன்னா சொல்லிருங்க, வேற ஆளு பாக்குறேன்” என்றார். வேறு ஆள் வந்தாலும் அவளுக்கு வேலை இல்லை. அப்படியானால் நானே போனால் என்ன என்று என் மனம் உடனே ஒரு நியாயத்தைக் கண்டுபிடித்தது.

மாதக் கடைசியில் அவள் எல்லாவற்றையும் ஒப்படைத்தாள். பாஸ்வோர்ட்களை ஒரு தாளில் அழகான கையெழுத்தில் எழுதித் தந்தாள். ஃபிளாப்பிகளுக்கு ஒவ்வொன்றாகப் பெயர் ஒட்டி வைத்திருந்தாள். என் மெயிலின் தாளையும் கோப்பிலிருந்து எடுத்து, “இது ஒங்களோடது” என்று நீட்டினாள். சுவரில் இருந்த பெரியவரைக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அடுத்த நாள் முதலாளி சொல்லி, பக்கத்தின் அடியில் இருந்த அவள் பெயரை அழித்து என் பெயரைப் போட்டேன்.

நான் போய் உட்கார்ந்த இரண்டாவது வாரம், காலை பத்து மணி இருக்கும். முதலாளி பின்னால் மில்லில் இருந்தார். டெலிபோன் அடித்தது. மலாய்க் குரல் ஒன்று, மரியாதையாக. வீட்டு இலாகா என்றது. அவள் பெயரைச் சொல்லி, “மாசே கெர்ஜா டி சினி?” என்று கேட்டது. இன்னும் அங்கேதான் வேலை செய்கிறாரா என்று. நான் உட்கார்ந்திருந்தது அவள் நாற்காலி. மேசைக் கண்ணாடிக்கு அடியில் அவள் வைத்த முருகன் படம்கூட இன்னும் இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். எதிர்ச் சுவரில் சிவப்பு பல்ப் எரிந்தது. பொய் சொல்லி முதலாளிக்குத் தெரிந்தால் என் கதி என்ன என்று மட்டும் தோன்றியது. “சுடா பெர்ஹெந்தி, என்சேக்,” என்றேன். நின்றுவிட்டார், ஐயா. அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

கையைத் துடைத்துக்கொண்டே முதலாளி உள்ளே வந்தார். “யாரு தம்பி போன்ல?”

சொன்னேன். என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன், எல்லாம் சொன்னேன்.

“அடப் பாவமே. இருக்குன்னு சொல்லிருக்கலாந்தானே தம்பி? நமக்கு என்னா போச்சி? அது வீட்டு விஷயமாச்சே.” உண்மையாகவே வருத்தப்பட்டார். “திருப்பிக் கூப்பிடுங்க, தப்பா சொல்லிட்டேன்னு சொல்லுங்க. சீக்கிரம்.”

எந்த நம்பருக்குக் கூப்பிடுவது? பேசியவரின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. டைரக்டரியைத் தேடி அந்த இலாகாவின் பொது நம்பரைப் பிடித்தேன். ஒரு பெண் எடுத்து, எந்தப் பிரிவு என்றாள். தெரியாது என்றேன். ஒரு பிரிவுக்கு மாற்றினாள். அவர்கள் எங்களுக்குத் தெரியாது என்று இன்னொன்றுக்கு மாற்றினார்கள். அங்கே, கொஞ்சம் இருங்கள், கோப்பு யாரிடம் இருக்கிறது என்று பார்க்கிறேன் என்றது ஒரு குரல். பிறகு காதில் மெல்லிய சங்கீதம் ஓடத் தொடங்கியது. முதலாளி என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, “எடுத்தாங்களா, எடுத்தாங்களா” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் ரிசீவரை வைக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். நான்கு நிமிடம் ஆனது, அதற்கு மேலும் ஆனது. பிறகு லைன் தானாகவே அறுந்துவிட்டது.